எண்ணெய் உள்ளே, சீரம் வெளியே

கிள்ளையில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், கடையில் விற்கும் சீரம் மேலோடு நின்றுவிடும். அக்கா மகளின் வறண்ட முடியோ, பிச்சாவரம் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தாலே சிலுப்பிக்கொள்ளும். அவளுக்காகத்தான் இந்தப் பேச்சுக்கு ஆதாரம் எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் மும்பைக்குக் கொண்டுபோனது. 2003இல் அங்கே ஆய்வாளர்கள் ஆர்த்தி ரேலே, மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடியின் உள்ளே புகுந்து, தண்ணீரில் முடி அளவுக்கு மீறி ஊறுவதைத் தடுக்கிறது.

அந்த ஆய்வாளர்கள் பணியாற்றியது மாரிகோ நிறுவனத்தில். பாராசூட் தேங்காய் எண்ணெய் விற்பதும் அதே நிறுவனம்தான். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் எதை அளந்தார்கள் என்று கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் அளந்தது சேதத்தை. முடி சிலுப்புவதை அல்ல. சீரம் அந்த ஒப்பீட்டில் இல்லவே இல்லை.

முடி சிலுப்புவது காற்றின் ஈரத்தால். வறண்ட முடியின் மேல் செதில்கள் தேய்ந்திருக்கும். ஈரம் எளிதில் நுழைந்து, ஒவ்வொரு இழையையும் வெவ்வேறு பக்கம் வளைக்கும். சீரத்தில் உள்ள டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன், செதில்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கிறது, இழைகளைப் படிய வைக்கிறது. ஆனால் தேய்ந்த முடியை அது சரிசெய்வதில்லை.

ஆகவே அக்கா மகளுக்கு இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்தோம். தலைக்குக் குளிப்பதற்கு முந்தின இரவு, காதுக்குக் கீழிருந்து நுனி வரை ஒரு தேக்கரண்டி எண்ணெய். பொடுகு இருந்ததால் உச்சந்தலையில் தடவவில்லை. பொடுகுக் கிருமி எண்ணெயில் உள்ள கொழுப்பைத் தின்று வளரும். மறுநாள் மிதமான ஷாம்பு. முடி ஈரமாக இருக்கும்போதே இரண்டு சொட்டு சீரம், நுனிப் பக்கம் மட்டும்.

பலனைச் சீப்பில் பார்த்தோம். வேருடன் விழும் முடியின் முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும்; அது இயல்பான உதிர்வு. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் ஒடிந்தவை. வாரங்கள் செல்லச் செல்ல அந்தத் துண்டுகள் குறைந்தன. ஆனால் சீரம் போடாத நாட்களில் மாலைக்குள் முடி சிலுப்பத்தான் செய்தது. சீரம் அளவு மீறினால் முடி கனத்துத் தொங்கும். அப்போது ஒருமுறை ஷாம்பு போட்டு நன்றாக அலசினால் போதும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எண்ணெயையே சொல்வேன். சிலுப்பிய முடியை மறுநாளும் படிய வைக்கலாம். ஒடிந்த முடியை ஒட்ட வைக்க எதனாலும் முடியாது.