85 மைக்ரான் எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு, அந்த டெண்டர்தான் அடுத்த ஆறு மாதச் சம்பளம். பட்டறையின் வரலாறு, மெஷின் படங்கள் என்று பிரசன்டேஷனை அழகாக முடித்திருந்தார்.

திருவள்ளூரிலிருந்து வந்து கணக்குப் பார்க்கும் தங்கை, டெண்டர் புத்தகத்தைப் புரட்டினார். "அண்ணே, ஏழாவது பாயின்ட்ல துத்தநாகப் பூச்சு சராசரி 85 மைக்ரான் கேட்டிருக்காங்க. நாம 'தரமான கால்வனைசிங்'னு போட்டிருக்கோமே?"

ராத்திரியே மாற்றினார்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் மூன்று கட்டம்: அவர்கள் எண், அவர்கள் வார்த்தை, இவர்கள் பதில். 'சராசரி 85 மைக்ரானுக்குக் குறையாது. சோதனை அறிக்கை, பக்கம் 31.' விலை எங்கும் இல்லை. அது தனிக் கவரில். வரலாறு கடைசி ஸ்லைடுக்குப் போனது.

டெலிவரிதான் இடித்தது. கேட்டது 45 நாள்; இவர்களால் முடிவது 60. 'சம்மதம்' என்று எழுதக் கை போனது.

"ஒத்துக்கிட்டு லேட்டானா அபராதம்ணே."

நிராகரிக்கப்படலாம் என்று தெரிந்தேதான் எழுதினார்: 'மாறுபாடு: 60 நாள்.'