ஒரு கரண்டி, மூன்று எடை

வானொலியில் பத்து ஆண்டுகளாகப் பேசுகிறேன். பெயரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், பாடலை மாற்றிப் போட்டிருக்கிறேன். அதெல்லாம் அடுத்த விளம்பர இடைவேளையில் மறந்து போகும். ஆனால் ஒரு தவறு அடுப்பு வரைக்கும் போய், அறுபது பேர் சாப்பிடும் பானைக்குள் விழுந்துவிட்டது.

அது ஒரு சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி. அம்மாவின் கோழிக் குழம்புச் செய்முறையை வாசித்தேன். ஆறு பேருக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், நான்கு தேக்கரண்டி மல்லித்தூள். நேயர் ஒருவர், "கிராம் கணக்கில் சொல்ல முடியுமா?" என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரு தேக்கரண்டி ஐந்து கிராம்தான், பெருக்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து தைப்பிங்கிலிருந்து ஒரு அம்மா நிலையத்துக்கு அழைத்தார். பேத்தியின் காதுகுத்துக்கு அறுபது பேருக்குச் சமைத்திருக்கிறார். கோபமாகப் பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவரோ மெதுவாகத்தான் கேட்டார். "நீ சொன்ன மாதிரியே தராசில் நிறுத்துத்தானம்மா போட்டேன். குழம்பு களி மாதிரி ஆயிடுச்சு. தேங்காய்ப் பால் ஊற்றினேன், உருளைக்கிழங்கு போட்டேன். காரம் அடங்கிச்சு, ஆனா மல்லி வாசம் போகவே இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்?"

"நான் பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டேன். அன்று இரவே சமையலறை மேசையில் தராசை வைத்தேன்.

முதலில் அந்த ஐந்து கிராம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அளவுக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். அது இடத்தின் அளவு, எடையின் அளவு இல்லை. 5 மில்லிலிட்டர் தண்ணீர் 5 கிராம் இருக்கும். நான் தண்ணீரின் கணக்கை எடுத்துத் தூளின் தலையில் கட்டியிருக்கிறேன்.

தூள்களை நிறுத்துப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். ஒரு கரண்டி மஞ்சளைப் போட்டால் 2 என்றும் வரும், 3 என்றும் வரும். அதனால் பத்துக் கரண்டி போட்டுப் பத்தால் வகுத்தேன். கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு கரண்டியையும் கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கிக் கொட்டினேன்.

பத்துக் கரண்டி மஞ்சள்தூள் 29 கிராம். மிளகாய்த்தூள் 25. மல்லித்தூள் 19. அதாவது ஒரு கரண்டி மஞ்சள் ஏறக்குறைய 3 கிராம், மிளகாய் இரண்டரை, மல்லி 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எதுவுமே ஐந்து இல்லை. ஒன்றோடு ஒன்று ஒத்தும் போகவில்லை.

ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு மஞ்சள் கிழங்கையும் ஒரு மல்லி விதையையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இரண்டையும் நசுக்கிப் பார்" என்றார். மல்லியை விரலால் அழுத்தினாலே இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெற்றிடம், வெளியே மெல்லிய தோல். மஞ்சளை அம்மியில் குத்தினால்தான் உடைந்தது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் கிழங்கை வேகவைத்துக் காயவைக்கிறார்கள். அதிலுள்ள மாவுச்சத்து வெந்து இறுகிக் கல்லாகிவிடுகிறது. அதை அரைத்தால் கனமான, மிக நுண்ணிய தூள் கிடைக்கிறது. துகள்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து நெருங்கி உட்காரும். மல்லி அப்படி இல்லை. அதன் தோல் நார் நிறைந்தது, அரைத்தாலும் சிறு சிறு செதிலாகத்தான் உடையும். செதில்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் நடுவில் காற்று தங்கிவிடுகிறது. மல்லிக் கரண்டியில் நாம் அளப்பதில் கணிசமான பங்கு காற்றுதான். மிளகாயின் தோல் தட்டையாக உடைந்தாலும், அதோடு அரைபடும் விதையில் எண்ணெய் இருக்கிறது. அதன் எடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

காற்றை நீங்களே பார்க்கலாம். கண்ணாடிப் போத்தலில் மல்லித்தூளை மெதுவாக நிரப்பி மேசையில் பத்துத் தடவை தட்டுங்கள். தூள் கீழே இறங்கும். எடை மாறவில்லை, காற்றுதான் வெளியேறியது. அதனால் என் 19 கிராமும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மில்லில் கரகரப்பாக அரைத்த மல்லி இன்னும் இலேசாக இருக்கும். பாக்கெட்டில் அழுந்திக் கிடந்த நைசான தூள் இன்னும் கனக்கும். கரண்டியைக் குவித்து எடுத்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

இனி தைப்பிங் அம்மாவின் பானைக்கு வருவோம். ஆறு பேர் அறுபதானால் பத்து மடங்கு. மஞ்சள் 5 கரண்டி, மிளகாய் 20, மல்லி 40. என் பேச்சைக் கேட்டு அவர் நிறுத்தது 25 கிராம் மஞ்சள், 100 கிராம் மிளகாய், 200 கிராம் மல்லி. என் மேசைக் கணக்கின்படி போட்டிருக்க வேண்டியது ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள், 50 கிராம் மிளகாய், 76 கிராம் மல்லி.

எல்லாமே ஒரே மடங்கு கூடியிருந்தால் தேங்காய்ப் பாலும் உருளைக்கிழங்கும் ஓரளவு காப்பாற்றியிருக்கும். ஆனால் மஞ்சள் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. மிளகாய் இரண்டு மடங்கு. மல்லி இரண்டரை மடங்குக்கும் மேல். எடை குறைந்த தூள்தான் அதிகமாக ஏறியிருக்கிறது. மல்லித்தூள் தண்ணீரை உறிஞ்சிக் குழம்பைக் கெட்டியாக்கும். களியான காரணம் அதுதான். எவ்வளவு பால் ஊற்றினாலும் மிளகாய்க்கும் மல்லிக்கும் உள்ள விகிதம் மாறாது. அவர் நாக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது.

மறுநாள் அவரை அழைத்துக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "அப்ப என் கைப்பக்குவம் போகலையே?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அறுபது பேருக்கு முன்னால் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்தக் கேள்விக்குத்தான். அடுத்த சனிக்கிழமை ஒலிவாங்கி முன்னால் என் தவறை முழுதாகச் சொன்னேன்.

வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கும்போது நான் இன்னமும் கரண்டிதான் பயன்படுத்துகிறேன். அரைத் தேக்கரண்டி மஞ்சளை நம் தராசு சரியாகக் காட்டாது. விருந்துக்கு என்றால் முதலில் பத்துக் கரண்டி நிறுத்து, அந்தப் பாக்கெட்டின் எடையைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக் கரண்டியையும் அளந்தேன். பத்துக் கரண்டி தண்ணீர் 70 கிராம் வந்தது. அதாவது அது 7 மில்லிலிட்டர் கரண்டி, தேக்கரண்டியே இல்லை. நான் வாசித்த செய்முறையில் அதுவும் ஒரு தவறுதான். அதைச் சொன்னால், "அதான் உன் குழம்பு என் குழம்பு மாதிரி வர்றதில்ல" என்று அம்மா சிரிக்கிறார்.