எண்ணை மாற்றுவதும் பிழையைத் திருத்துவதும்

தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் நம் சங்கத்து மூத்த மாணவர்களுக்கு வேலை மிகுதி. வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்க ஒருவர் வருவார். எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்க மற்றொருவர் வருவார். சென்ற பருவத்தில் இளநிலை முதலாண்டுத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது சற்று வேறு வகை. தம் மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அதன் கீழே, “அண்ணா, இயற்பியல் தாளில் 31 என்று இருக்கிறது. அதை 33 ஆக்கித் தர முடியுமா? உங்களுக்குத்தான் படத்தைத் திருத்தத் தெரியுமே. அப்பாவிடம் காட்ட மட்டுந்தான்” என்று எழுதியிருந்தார்.

சங்க விழாவுக்குச் சுவரொட்டி செய்பவன் நான். ஆதலால் அவர் என்னைத் தேடியதில் வியப்பில்லை. ஆனால் அவர் கேட்டதைச் செய்ய நான் இசையவில்லை. “அதைச் செய்ய மாட்டேன், தம்பி. பட்டியலை எடுத்துக்கொண்டு அறைக்கு வாருங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்று பதில் எழுதினேன்.

நம் கையில் இருக்கும் பட்டியல் ஒரு படியே அன்றி மூலம் அன்று. மூலம் தேர்வு அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. மேற்படிப்புக்கோ வேலைக்கோ செல்லும்போது அவர்கள் ஒத்துப்பார்ப்பது அந்தப் பதிவைத்தான். இன்று பல பல்கலைக்கழகங்களின் பட்டியல் டிஜிலாக்கருக்கு நேரே சென்றுவிடுகிறது. அதில் நம் கை பட வழியே இல்லை. அப்பாவுக்கென்று செய்த படமும் அப்பாவோடு நிற்பதில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒரு நாள் போய்ச் சேரும். பாரதீய நியாய சம்ஹிதையின் 336-ஆம் பிரிவு பொய் ஆவணம் புனைவதையும், 340-ஆம் பிரிவு அதை மெய்யென்று பயன்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன.

தம்பி வந்தார். பட்டியலை மேசைமேல் விரித்தோம். இயற்பியல் தாளில் அகமதிப்பீடு 30-க்கு 8, பருவத் தேர்வு 70-க்கு 31, மொத்தம் 39. தேர்ச்சிக்கு 40 வேண்டும். ஓர் எண்ணில் தவறிவிட்டார். அவர் கண் முழுவதும் அந்த 31-இன் மேலேயே இருந்தது. எனக்கோ பக்கத்திலிருந்த 8 உறுத்திற்று. மற்ற நான்கு தாள்களிலும் அகமதிப்பீடு 17-க்கும் 21-க்கும் இடையில் இருந்தது. ஒரு தாளில் மட்டும் இவ்வளவு சரிவு ஏன்?

“துறைப் பலகையில் ஒட்டிய பட்டியலில் எவ்வளவு இருந்தது?” என்று கேட்டேன். அவர் கைப்பேசியில் தேடினார். அதில் 18 என்று இருந்தது! யாரோ பதிவு செய்யும்போது முன்னிருந்த ஒன்று விடுபட்டிருக்கிறது. உண்மையில் அவர் பெற்றது 49. தேர்ச்சி பெற்ற ஒரு பிள்ளை, தேர்ச்சி பெறுவதற்காகப் பொய் செய்யக் கேட்டு வந்திருக்கிறார்.

நண்பர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 31-ஐ 33 ஆக்கியிருந்தால் மொத்தம் 41 ஆகியிருக்கும். அவரும் நிம்மதியாக இருந்திருப்பார். பதிவேட்டிலோ 39 அப்படியே நின்றிருக்கும். முறையிட வேண்டிய காலமும் கடந்திருக்கும்.

இனி, எங்கே முறையிடுவது என்ற கேள்வி. நம்மவரில் பலர் முடிவு வந்தவுடன் மறுகூட்டலுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். மறுகூட்டலில் பார்ப்பது விடைத்தாளை மட்டுமே: எல்லா விடைக்கும் மதிப்பெண் இடப்பட்டதா, உள்ளே இட்டவை முகப்புக்கு ஒழுங்காக வந்தனவா, கூட்டல் சரியா என்பவைதாம். தம்பியின் பிழை விடைத்தாளில் இல்லை. 8-உம் 31-உம் கூட்டினால் 39. அந்தக் கணக்கும் சரியே. மறுகூட்டல் கேட்டிருந்தால், ‘மாற்றமில்லை’ என்ற பதிலே கிடைத்திருக்கும். மறுமதிப்பீடு என்பது வேறு. மற்றோர் ஆசிரியர் விடைகளை மறுபடி படித்து மதிப்பிடுவார். சில இடங்களில் அந்த முறையே இல்லை. இருக்கும் சில இடங்களில் எண் குறையவும் கூடும். விதியைப் படித்த பின்னரே பணம் கட்டுக. பிழை எங்கே இருக்கிறது என்று அறிந்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அகமதிப்பீட்டுப் பிழைக்கு வழி துறை வாயிலாகத்தான். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். பெயர், பதிவெண், தாளின் குறியீடு, பட்டியலில் உள்ள எண், துறைப் பட்டியலில் உள்ள எண் ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பட்டியலின் நகலையும் பலகைப் படத்தையும் இணைத்தோம். பாட ஆசிரியர் தம் மூலக் குறிப்பேட்டைப் பார்த்து ஒப்பமிட்டார். துறைத் தலைவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பினார். மற்றொரு படியில் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கி வைத்துக்கொண்டோம். அந்த ஜன்னலில் ஹிந்தியில் பேச வேண்டுமே என்ற அச்சந்தான் தம்பியை முதலில் என்னிடம் அனுப்பியது. ஆனால் எழுத்து கையில் இருந்தபோது பேச வேண்டியிருந்தது இரண்டு வாக்கியமே. ஐந்து வாரத்தில் பழைய பட்டியலை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள்.

அவருக்கு மற்றுமொரு குறை இருந்தது. கணிதத்தில் இன்னும் கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கினோம். தேர்வர் தம் விடைத்தாளைப் பார்வையிடவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. நம்முடையதைப் போன்ற மத்தியப் பல்கலைக்கழகமாயின் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பல்கலைக்கழகமே தனியாக நகல் தரும் முறை வைத்திருந்தால் அதற்கென உள்ள கட்டணம் வேறாகலாம். இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. தாள்களைப் பாதுகாக்கும் காலம் கழிந்து அவை அழிக்கப்பட்டுவிட்டால் எந்தச் சட்டமும் அவற்றைத் திருப்பித் தராது. நகலைப் பெற்றதனாலேயே மறுமதிப்பீட்டுக்கு உரிமை வந்துவிடுவதும் இல்லை.

நகல் வந்தது. வரிவரியாகக் கூட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. நான்காம் வினாவில் தொகையீட்டின் எல்லைகளை அவரே மாற்றி எழுதியிருந்தார். “இது என் தவறுதான், அண்ணா” என்று சொல்லித் தாளை மடித்து வைத்தார். அந்த மதிப்பெண்ணை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறிப்பேட்டில் எழுதிய அளவு தவறென்று கண்டால் அதை அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, நாள் குறித்துக் கையெழுத்திடுவோம். பழைய எண்ணும் தெரியும். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதும் தெரியும். தேர்வு அலுவலகத்துப் பதிவேட்டிலும் இன்று தம்பியின் பெயருக்கு நேரே 8 அடிக்கப்பட்டு 18 எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அலுவலரின் ஒப்பம் இருக்கிறது. எவர் எப்போது ஒத்துப்பார்த்தாலும் அந்த 18 நிற்கும்.