காலில் இறங்கும் வலி... நரம்பா, சதைப் பிடிப்பா?

திருத்தணியை அடுத்த கிராமம் ஒன்றில் நெல்லும் நிலக்கடலையும் பயிர் செய்யும் அந்த விவசாயிக்கு வயது 52. அடியுரம் போட வாங்கிவந்த 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையை, குனிந்த நிலையிலேயே உடம்பைத் திருப்பித் தூக்கினார். இடுப்பில் சுருக்கென்றது. மறுநாள் காலையில் இடது பிட்டத்தில் தொடங்கிய வலி, தொடையின் பின்புறம் வழியாகப் பாதத்தின் மேல்பக்கம் வரை கரன்ட் அடித்ததுபோல இறங்கியது. கால் கட்டைவிரல் மரத்துப்போனது.

"சதைப் பிடிப்புண்ணே, காலை நல்லா நீட்டி இழுத்தா விட்டுடும்" என்றார் பக்கத்து வயல்காரர். இவரும் கட்டில்மேல் காலை நீட்டி வைத்து, தினமும் குனிந்து குனிந்து இழுத்தார். நான்காம் நாள் இரவு, வலியால் தூங்கவே முடியவில்லை.

மருத்துவர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் வலி பாதம் வரை பாய்ந்தது. வலி நிற்கும் அளவுக்குக் காலைச் சற்றே இறக்கி, பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்கினார். அதே வலி மறுபடியும் வந்தது. "இருமினால், தும்மினால் காலில் இறங்குதா?" என்று கேட்டார். "ஆமாங்க டாக்டர்" என்றார் விவசாயி.

பாதத்தை மடக்கிப் பார்த்ததில்தான் விஷயம் இருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. பாதத்தை மடக்கினால் அது இழுபடாது. ஆனால், கீழ்முதுகில் புறப்படும் சியாட்டிக் நரம்பு, கிளைகளாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை உறுத்தும்போது, பாதத்தின் அசைவுகூட அந்த நரம்பை இழுத்து வலியைக் கிளப்பும். அப்படிப் புண்பட்ட நரம்பைத்தான் இவர் நாள்தோறும் இழுத்துக்கொண்டிருந்தார்.

வெறும் சதைப் பிடிப்பு என்றால், இறுக்கம் பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடும். மரத்துப்போதல் இருக்காது. கொஞ்சம் நடந்தாலோ, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ தளரும். அதற்கு மெதுவாக நீட்டுவது நல்லது.

இவர் இழுப்பதை நிறுத்தினார். படுத்தே கிடக்காமல், வரப்பில் பத்துப் பத்து நிமிடமாக நடந்தார். குனிந்து தூக்குவதையும், டிராக்டரில் நெடுநேரம் உட்காருவதையும் தள்ளிவைத்தார். வலி முதலில் பாதத்தை விட்டது. பிறகு கெண்டைக்காலை விட்டு, பிட்டத்தோடு நின்றது. வலி இப்படி மேல்நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி. ஆறு வாரத்தில் நடவுக்குத் திரும்பினார். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும், மலைக்கோயிலின் 365 படிகளை விட்டுவிட்டு வண்டிப்பாதையில் போய்வந்தார்.

குதிகாலால் நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தொங்கினாலோ, வலி இரண்டு காலுக்கும் பரவினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.