பரண்மேல் வைத்த பை

மும்பையில் ஜூன் மாதம் தொடங்கும் பருவமழை செப்டம்பர் இறுதிவரை நீடிக்கும். செம்பூரில் வாழும் தாத்தா ஒருவர், சென்ற ஆண்டு மழைக்கு முன் தம் தோல் காலணிகளையும் கம்பளிச் சால்வையையும் நெகிழிப் பையில் இறுகக் கட்டிப் பரண்மேல் வைத்தார். அக்டோபரில் பையைத் திறந்தபோது மக்கிய வாடை வீசியது. காலணிகள்மேல் வெண்சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது.

தாராவியில் தோல் தொழில் செய்யும் தமிழர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினார். "ஐயா, காலணிக்குள் இருந்த வியர்வை ஈரம் வெளியேற வழியில்லாமல் பை அடைத்துவிட்டது" என்றார் அவர். பூஞ்சையை வெட்டவெளியில் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்தார். கடும் வெயிலில் காய்ந்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்றும் எச்சரித்தார்.

அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். ஆகவே, இவ்வாண்டு தாத்தா மே மாதத்திலேயே சால்வையைத் துவைத்து, ஈரம் சிறிதும் இல்லாதவாறு உலர்த்தினார். காலணிகளைத் துடைத்து இரண்டு நாள் நிழலில் வைத்தார். பின்னர் அவற்றினுள் செய்தித்தாளைத் திணித்து, சால்வையையும் காலணிகளையும் தனித்தனிப் பருத்திப் பைகளில் இட்டார். சால்வையுடன் அந்துருண்டையும் வைத்தார். எனினும், அது பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது என்பதை அறிந்திருந்தார்.

மழைக்காற்றின் ஈரம் பருத்திப் பையினுள்ளும் புகும். எனவே, வாரந்தோறும் பைகளைத் திறந்து, தொய்ந்த தாளை மாற்றினார். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் முன்பே வாடை எழும் என்பதால், ஒவ்வொரு முறையும் முகர்ந்தும் பார்த்தார். அக்டோபரில் சால்வையில் மக்கிய வாடை இல்லை.