நான் கேட்காமல் விட்ட கேள்வி

பேதி என்று யார் வந்தாலும் "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்பேன். "போன மாசம் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்கும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. சிறு நகரம் ஒன்றில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். கேட்காததால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 68. கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, பல்லைப் பிடுங்கியதும் ஏழு நாளைக்குக் கிளிண்டாமைசின் கொடுத்திருக்கிறார்கள். கூடவே வயிற்றெரிச்சலுக்காக அவர் மாதக்கணக்கில் பான்டோபிரசோலும் சாப்பிட்டு வந்தார். கிளிண்டாமைசின் முடிந்த ஐந்தாம் நாள் தண்ணீர் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. என்னிடம் வந்தபோது ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி, லேசான காய்ச்சல்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விருந்துக்குப் போனதாகச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. "பல் டாக்டர் குடுத்த மாத்திரைய முடிச்சதுல இருந்தே வயிறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு டாக்டர்" என்று அவர் தொடங்க, "அது வேற டீச்சர், இது விருந்துச் சாப்பாடு" என்று இடைமறித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். சிப்ரோஃப்ளாக்சசின், போக்கை நிறுத்த லோபரமைடு, ஓ.ஆர்.எஸ். பொடி. மூன்றில் அந்தப் பொடி மட்டுமே சரி.

மூன்றாம் நாள் போக்கு குறைந்தது. ஆனால் வயிறு உப்பி, காய்ச்சல் ஏறி, சிறுநீர் வற்றியது. வீட்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டதே, கடைசி மூன்று மாதத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்களா என்பதைத்தான். ரத்த வெள்ளையணுக்கள் 22,000. கிரியாட்டினின் 1.9. ஸ்கேனில் பெருங்குடல் சுவர் தடித்திருந்தது. மலப் பரிசோதனையில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியும், அதன் நச்சும் தெரிந்தன. மருத்துவர்கள் சுருக்கமாக சி. டிஃப் என்பார்கள். வெள்ளையணு 15,000-ஐத் தொட்டாலோ, கிரியாட்டினின் 1.5-ஐத் தாண்டினாலோ இந்த நோய் கடுமையாகிவிட்டது என்று கணக்கு.

இந்தக் கிருமி வயிற்றுக்குள் தலையெடுப்பது எப்படி என்று எனக்குப் பாடத்தில் தெரியும். அவருக்குப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை. இதன் வித்துகள் ஓடு போட்டுக்கொண்டு எங்கும் கிடக்கும். வாய் வழியாக நம் குடலுக்கும் போகும். ஆரோக்கியமான குடலில் அவை முளைத்துப் பெருக வழியில்லை. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலம் அந்த வித்தை முளைக்கத் தூண்டும். ஆனால் பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களில் சில, அந்தப் பித்த அமிலத்தை வேறொன்றாக மாற்றிவிடும். மாறிய அமிலம் சி. டிஃப் வளர்வதைத் தடுக்கும். கிளிண்டாமைசின் பல்லில் இருந்த கிருமியோடு இந்த நல்ல பாக்டீரியாக்களையும் அழித்தது. வெறும் நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடிப்பதுபோல, காலியான குடலைச் சி. டிஃப் பிடித்துக்கொண்டது.

பெருகியதும் அது இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. குடலின் உள்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பிடியை அவை குலைக்கின்றன. இடைவெளி வழியே நீர் கசிகிறது, அழற்சி மூள்கிறது. இந்த நேரத்தில் லோபரமைடு குடலின் அசைவை அடக்கிவிட்டால், வெளியேற வேண்டிய நச்சு உள்ளேயே தங்கிவிடும். போக்கு குறைந்ததைக் குணமாகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது ஆபத்தின் அறிகுறி. சிப்ரோஃப்ளாக்சசினோ மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் குறைக்கக்கூடிய மருந்து. செஃபலோஸ்போரின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. மருந்தை நிறுத்திய முதல் மாதத்தில் ஆபத்து அதிகம். மூன்று மாதம் வரை நீடிக்கும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு இளகுகிற எல்லோருக்கும் சி. டிஃப் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்தியதும் தானாகவே சரியாகிவிடும். யாருக்குப் பரிசோதனை வேண்டும் என்பதற்குத் தெளிவான அளவுகோல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ, பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும் அளவுக்கு நீராகப் போக வேண்டும். அதற்கு வேறு காரணம் தெரியக் கூடாது. இரண்டு நாளுக்குள் மலமிளக்கி மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. 65 வயதைத் தாண்டியவர், அண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்தவர், காய்ச்சலோ வயிற்று வலியோ உள்ளவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. என் ஆசிரியைக்கு இதில் கிட்டத்தட்ட எல்லாம் இருந்தது.

சாதாரண மல கல்ச்சரில் இது தெரியாது. சீட்டில் 'சி. டிஃப்' என்று தனியாக எழுத வேண்டும். மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் நச்சு சிதைந்து, இல்லாததுபோல் காட்டும். கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நச்சும் சுரக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கிருமியைச் சுமந்துகொண்டு நலமாக இருப்பவர்களும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் பி.சி.ஆர். செய்து பார்ப்பார்கள்.

ஆசிரியைக்குச் சிப்ரோஃப்ளாக்சசினையும் லோபரமைடையும் நிறுத்தி, வான்கோமைசின் 125 மில்லிகிராம் நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய் வழியாகக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போதிய அளவு சேராது. கூடவே நரம்பு வழியாக நீரேற்றினார்கள். சிறுநீரகம் தேறியது. ஆள் பிழைத்தார்.

தவறாகக் கணித்ததைவிட எனக்கு வெட்கமான ஒன்று உண்டு. அவர் மகன் போனில் "விருந்துச் சாப்பாடுதானே சார் காரணம்?" என்று கேட்டபோது, "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பதிலோடு என்னால் இருக்க முடியவில்லை. அவர் வீடு திரும்பியதும் நேரில் போய், "அன்னைக்கு நீங்க சரியாத்தான் சொன்னீங்க டீச்சர், நான்தான் காதுல வாங்கல" என்றேன். கோபப்பட்டார். படவேண்டிய கோபம்தான்.

வான்கோமைசின் முடிந்து சில வாரத்தில் மறுபடி வயிறு சரியில்லை என்று போன் செய்தார். ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பி வரும் என்பதால் பதறினேன். ஆனால் இம்முறை முழுக்கக் கேட்டேன். நாளைக்கு இரண்டு தடவை, இளகலாக, ஆனால் உருவத்தோடு. காய்ச்சல் இல்லை. பரிசோதனை வேண்டாம் என்றேன். குணமான பிறகும் வாரக்கணக்கில் கிருமி மலத்தில் தெரியலாம். அதைப் பார்த்து மருந்து கொடுத்தால் குடலை மறுபடியும் கெடுத்ததாகும். மூன்று தடவையோ அதற்கு மேலோ நீராகப் போனால் அன்றே சொல்லுங்கள் என்றேன். கழிவறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன், சானிட்டைசர் இந்த வித்துகளைக் கொல்லாது. பான்டோபிரசோல் இன்னமும் தேவைதானா என்று பார்த்து, படிப்படியாக நிறுத்தினேன்.

இப்போது பேதி என்று வருபவரிடம் விருந்தைப் பற்றிக் கேட்கும் முன்பே மூன்று மாத மருந்துகளைக் கேட்கிறேன். தெரியாது என்றால் காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்கிறேன். பதில் வரும் வரை லோபரமைடு எழுதுவதில்லை.