கட்டி வற்றியது, பாதை மூடவில்லை

றத்தோட்டையிலிருந்து மாத்தளை, அங்கிருந்து கண்டி, பிறகு பேராதனை. மூன்று பஸ்ஸிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து வந்தேன். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றேன். உண்மையில் வலித்தது ஆசனவாய்க்குப் பக்கத்தில்.

"மூலம்தான் தம்பி, சூடு" என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துத் தந்தார். நானும் நம்பினேன். அந்த இடத்தை டொக்டரிடம் காட்டுவதைவிட அது சுலபமாக இருந்தது. ஆனால் மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தம்தான் போகும். எனக்கோ இரவு பகலாகத் துடிக்கும் வலி, தொட முடியாத வீக்கம், நாலாம் நாள் காய்ச்சல். அது சீழ்க்கட்டி. வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயோடிக் குளிசைகளும் கேட்கவில்லை. சேர்ந்துவிட்ட சீழை மருந்து வற்றவைக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். ஆசனவாய்க்குக் கிட்டவே தோலைக் கீறிச் சீழை வடித்தார்கள். தையல் போடவில்லை. மேல் தோல் முதலில் ஒட்டிவிட்டால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும், அதனால் காயம் அடியிலிருந்து மேலே ஆற வேண்டும். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பேசினில் உட்கார்ந்தேன். சில வாரங்களில் ஆறிவிட்டது.

மூன்று மாதத்தில் அதே இடத்தில் ஒரு பரு. உடையும், உள்ளாடை நனையும், மூடும், வீங்கும், மறுபடி உடையும். "சரியா வெட்டலையா டொக்டர்?" என்று கிளினிக்கில் கேட்டேன். அவர் பேப்பரில் படம் கீறிக் காட்டினார். ஆசனவாயின் உட்சுவரில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று அடைபட்டுப் பழுத்தால் சீழ் தசைகளுக்கிடையே வழி தேடித் தோல் பக்கம் வரும். வடித்தபோது சீழ் போனது, உள்ளே இருந்த வாய் அப்படியே இருந்தது. அந்த வாய்க்கும் தோலுக்கும் இடையிலான சுரங்கம்தான் பௌத்திரம். சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இது வருமாம். வெட்டியவரின் பிழையில்லை.

"அப்ப சுரங்கத்தையே திறந்துவிடலாமே?"

தசையை அதிகம் தொடாத சுரங்கமென்றால் அப்படித்தான் செய்வார்கள். 1686இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கும் பௌத்திரத்தை வெட்டித்தான் திறந்தார்கள். எனது சுரங்கமோ மலத்தை அடக்கும் தசையின் பெரும்பகுதியை ஊடுருவிப் போவதாக எம்.ஆர்.ஐ. காட்டியது. அந்தத் தசையை வெட்டினால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். அதனால் சுரங்கத்தினூடாக ஒரு நூலைக் கோத்து வளையமாகக் கட்டிவிட்டார்கள். நூல் இருக்கும்வரை வாய் அடைபடாது, சீழ் தேங்காமல் வடிந்துகொண்டே இருக்கும். அழற்சி அடங்கிய பிறகுதான் சுரங்கத்தை மூடும் அடுத்த சத்திரசிகிச்சை. அதன் பிறகும் திரும்ப வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை.

இப்போது அந்த நூலோடும் ஒரு பஞ்சுத் துணியோடும் லெக்சருக்குப் போகிறேன். நேராக உட்கார முடிகிறது. இடுப்பு வலி என்று பொய் சொல்லிக் கடத்திய நாட்களை நினைத்தால்தான் கோபம் வருகிறது.